ஒன்றரை அடிச் சுவர் வீட்டில் இணையம்: பவர்லைன் அடாப்டர் எங்கே ஓடும், எங்கே கேபிள் இழுக்க வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் பெரியம்மா வீடு நூறு வருடத்துக்கு முந்தியது. தெருவைப் பார்த்துத் திண்ணை, அடுத்து கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி அடுப்படி, அடுப்படிக்கு மேலே மாடி அறை. முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை அறுபது அடி இருக்கும். சுவர் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தடிமன் ஒன்றரை அடி. மேலே தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். ராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படி வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வைஃபை மட்டும் இரண்டாவது சுவரிலேயே மூச்சு வாங்கும்.

அண்ணன் மகள் மாடி அறையில் உட்கார்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கூடத்தில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. மாடி அறையில் அது 4 எம்பிபிஎஸ் ஆகிவிடும், மீட்டிங்கில் அவள் குரல் அறுந்து அறுந்து போகும். "பவர்லைன் அடாப்டர் வாங்கலாமா சித்தப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் செய்ததையும் அளந்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் போனால், பணம் கொடுப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

முதலில், அது எப்படி ஓடுகிறது

பவர்லைன் அடாப்டர் ஜோடியாக வரும். ஒன்றை ரவுட்டர் பக்கத்துப் பிளக் பாயின்ட்டில் செருகி, சின்ன நெட்வொர்க் கேபிளால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை இணையம் தேவைப்படும் அறையில் செருக வேண்டும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அடாப்டர் அதே கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நாற்பதாயிரம் மடங்குக்கும் கூடுதல் வேகத்தில் அதிரும் ஒரு சிக்னலை ஏற்றுகிறது. இரண்டும் ஒரே கம்பியில் போனாலும் ஒன்றோடொன்று கலந்துவிடாது.

இதில் சுவர் எவ்வளவு தடிமன் என்பது கணக்கிலேயே வராது. சிக்னல் சுவரைத் துளைத்துப் போவதில்லை, கம்பி வழியாகப் போகிறது. அதனால் தடிச் சுவர் வீட்டுக்கு இதுதான் மருந்து என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. கம்பி எந்த வழியாகப் போகிறது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

கூடத்துப் பிளக் பாயின்ட்டுக்கும் அடுத்த அறைப் பிளக் பாயின்ட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் இருக்கலாம். ஆனால் சிக்னல் கூடத்திலிருந்து மெயின் போர்டு வரை போய், அங்கிருந்து வேறு சர்க்யூட்டில் ஏறி, அடுத்த அறைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். பதினைந்து அடி தூரம் கம்பியில் நூறு அடி ஆகிவிடும். வழியில் எத்தனை ஜாயின்ட், எத்தனை பிரேக்கர், எத்தனை கிளை இருக்கிறதோ அத்தனை இடத்திலும் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பழைய வீட்டில் நாற்பது வருடமாக ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் தன் பங்குக்கு டேப் சுற்றி ஒரு ஜாயின்ட் போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த ஜாயின்ட்டுகள்தான் இங்கே சுவர்.

அட்டையில் எழுதியிருக்கும் வேகம்

பெட்டியின் மேல் 600 என்றோ 1000 என்றோ 2000 என்றோ போட்டிருக்கும். இரண்டு அடாப்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உச்ச வேகம் அது. நல்ல கம்பியில், போவதும் வருவதும் சேர்த்துச் சொன்ன கணக்கு. நம் கையில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் நல்ல வீடு. பழைய வயரிங்கில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் போகலாம். 600 என்று போட்ட மாடல்களில் பெரும்பாலும் நெட்வொர்க் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். அப்போது கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மேல் வராது. வாங்கும்போது அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் போர்ட் வேகம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

1000-க்கு மேல் போட்ட மாடல்கள் சிலவற்றில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டோடு எர்த் கம்பியையும் சிக்னலுக்குப் பயன்படுத்துவார்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருக்கும், பின்னால் எர்த் கம்பியே வந்திருக்காது. அங்கே அந்த மாடலும் சாதாரண மாடல் மாதிரிதான் ஓடும். கொடுத்த கூடுதல் காசு வீண். எர்த் இல்லாத வீடு என்றால் இணையம் இருக்கட்டும், முதலில் எர்த் போடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

படி 1: எந்த அறை எந்த ஃபேஸ் என்று பாருங்கள்

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. காசு செலவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். த்ரீ ஃபேஸ் என்றால் நிதானமாகச் செய்யுங்கள். மூன்று ஃபேஸும் வீட்டுக்குள் மூன்று தனித்தனிக் கம்பியாக ஓடுகின்றன. ஒரு ஃபேஸில் ஏற்றிய சிக்னல் இன்னொரு ஃபேஸுக்குத் தாவ நேர் வழி கிடையாது. மெயின் போர்டில் கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் கொஞ்சம் கசிந்து போகும், அவ்வளவுதான். அந்தக் கசிவை நம்பித்தான் பல வீடுகளில் அடாப்டர் 'ஏதோ ஓடுகிறது'.

எந்த அறை எந்த ஃபேஸ் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு ஃபேஸ் போகும் நாளில் எந்த அறையில் ஃபேன் நிற்கிறது என்று கேட்டாலே போதும். பெரியம்மா யோசிக்காமல் சொன்னார்: "கூடமும் அடுப்படியும் ஒண்ணா போகும் கண்ணு. மாடி மட்டும் எரியும்." கூடமும் அடுப்படியும் ஒரு ஃபேஸ், மாடி வேறு ஃபேஸ் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது.

தெரியாவிட்டால், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெயின் போர்டில் ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி எந்தப் பாயின்ட் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கிட்கேட் ஃபியூஸ் இருக்கும் வீட்டில் நீங்களே பிடுங்கிப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, ஃபேஸ் மாற்றும் செலக்டர் சுவிட்ச். ஒரு ஃபேஸ் போனால் திருகி வேறு ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளும் அந்த உருளைக் குமிழ், வடசென்னையில் த்ரீ ஃபேஸ் வீடுகளில் சகஜம். அது இருக்கிறதா, எந்த அறைக்கு இருக்கிறது என்று பாருங்கள். நேற்று வரை நன்றாக ஓடிய அடாப்டர் இன்று திடீரென்று படுத்துவிட்டால், முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தக் குமிழைத்தான். ராத்திரி ஒரு ஃபேஸ் போனபோது யாரோ திருகியிருப்பார்கள், திரும்பி வந்த பிறகு பழைய இடத்துக்கு மாற்றியிருக்க மாட்டார்கள்.

படி 2: இன்வெர்ட்டர் லைனைப் பிரித்துப் பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. நம் ஊர் வீடுகளில் அடாப்டர் சரியாக ஓடாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் லைட், ஃபேன், ஒன்றிரண்டு பிளக் பாயின்ட்டுகள் அதன் வழியாகப் போகும். கரன்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் உள்ளே வருவதை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. ஆனாலும் அதன் உள்ளே இருக்கும் ஃபில்ட்டர் சிக்னலில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது இரைச்சலும் கிளப்பும். கரன்ட் போனதும் இன்வெர்ட்டர் தன் பக்கத்துக் கம்பியை மெயின் கம்பியிலிருந்து துண்டித்துவிடும். அந்த நொடியில் ஒரு அடாப்டர் நேரடி லைனிலும் இன்னொன்று இன்வெர்ட்டர் லைனிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் வழியே இல்லை. நேரடி லைனில் இருப்பது செத்தும் போயிருக்கும்.

ஆக, கரன்ட் போகும்போதும் இணையம் வேண்டும் என்றால் இரண்டு அடாப்டரும் இன்வெர்ட்டர் லைனிலேயே இருக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் இரண்டும் நேரடி லைனில் இருக்கட்டும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வைக்காதீர்கள். பெரியம்மா வீட்டு மாடி அறையில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைன். கூடத்துப் பாயின்ட் நேரடி லைன். ஃபேஸும் வேறு. இரண்டு தடையும் ஒரே வழியில்.

படி 3: ஒரு ஜோடியைக் கடன் வாங்கி அளந்து பாருங்கள்

தெரிந்தவர்களிடம் ஒரு ஜோடி இருந்தால் இரண்டு நாளைக்குக் கேளுங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாங்குங்கள். செருகும்போது மூன்று விஷயம்.

சுவரில் இருக்கும் பாயின்ட்டில் நேராகச் செருக வேண்டும். ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அதன் வேலையே இப்படிப்பட்ட அதிர்வுகளை வடிகட்டுவது, நம் சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும். வெளிநாட்டுப் பின் உள்ள அடாப்டர் நம் பாயின்ட்டில் லூசாக உட்காரும். ஆடினால் அங்கே செருகாதீர்கள், பொறி பறக்கும். கடல் பக்கத்தில், காசிமேடு, ராயபுரம் மாதிரி இடங்களில், உப்புக் காற்றில் பாயின்ட்டின் உள்தகடு பச்சை பூத்துப்போயிருக்கும். புது சாக்கெட் ஒன்று போட்டுவிட்டு அளந்தாலே சில வீடுகளில் வேகம் கூடுகிறது.

இப்போது அளக்க வேண்டும். இணைய வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்து அளக்காதீர்கள், அதில் வெளி இணைப்பின் ஏற்ற இறக்கமும் கலந்துவிடும். நமக்குத் தெரிய வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் கம்பியின் நிலை மட்டும்தான். இரண்டு லேப்டாப் போதும், இரண்டுக்கும் நடுவில் ஓடும் வேகத்தை அளக்கும் `iperf3` என்ற மென்பொருளை இரண்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். ரவுட்டரோடு கேபிளில் இணைத்த லேப்டாப்பில் இது:

```
iperf3 -s
```

இரண்டாவது அடாப்டரில் கேபிள் போட்ட லேப்டாப்பில், வைஃபையை அணைத்துவிட்டு, இது (எண் முதல் லேப்டாப்பின் முகவரி):

```
iperf3 -c 192.168.1.10 -t 60
iperf3 -c 192.168.1.10 -t 60 -R
```

முதல் வரி ஒரு திசை, இரண்டாவது எதிர்த்திசை. இரண்டும் ஒரே அளவு வராது. பவர்லைனில் அது சகஜம். அப்புறம் ரவுட்டருக்கு ஒரு நீளமான பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி ரவுட்டர் வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது. விண்டோஸில் இப்படி:

```
ping -n 300 192.168.1.1
```

இதில் சராசரியைவிட உச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். பவர்லைனில் 3 முதல் 10 மில்லிசெகண்டு வந்தால் ஆரோக்கியமான கம்பி. நடுநடுவே 150, 200 என்று எகிறினாலோ, 300-ல் நாலைந்து தொலைந்துபோனாலோ, வேகம் எவ்வளவு காட்டினாலும் மீட்டிங்கில் குரல் அறும். படம் பார்க்கும்போது டிவி முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அதனால் அந்த எகிறல் தெரியாது. பேச்சில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது.

ஒருமுறை அளந்தால் போதாது. காலை ஏழு மணிக்கு மிக்சி ஓடும்போது ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு எல்லா லைட்டும் ஏசியும் ஓடும்போது ஒன்று அளக்க வேண்டும். மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறக்கிறது, அது அப்படியே கம்பியில் இரைச்சலாக ஏறும். மலிவான எல்இடி பல்பு, ஃபோன் சார்ஜர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். சந்தேகப்படும் சாமானை அணைத்துவிட்டு மறுபடி அளந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அடாப்டருக்குப் பக்கத்துப் பாயின்ட்டில் ஃபோன் சார்ஜர் இருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றுவது முதல் வைத்தியம்.

பெரியம்மா வீட்டில் வந்த எண்கள்

600 என்று போட்ட ஒரு ஜோடியை நண்பரிடம் வாங்கினேன். முதலில் இரண்டையும் கூடத்தில் ஒரே போர்டில் இருந்த இரண்டு பாயின்ட்டில் செருகி அளந்தேன்: 88 எம்பிபிஎஸ். இதற்கு மேல் அந்த மாடலால் முடியாது, போர்ட் 100-தான். இந்த முதல் அளவை விட்டுவிடாதீர்கள். இங்கேயே குறைவாக வந்தால் கோளாறு அடாப்டரில், கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கூடத்திலிருந்து அடுப்படிக்கு, ஒரே ஃபேஸ், நடுவில் மூன்று தடிச் சுவர்: 54. மிக்சி ஓடும்போது 20-க்கு இறங்கியது, நின்றதும் ஏறிவிட்டது. பிங் 4, உச்சம் 15. பெரியம்மாவின் டிவிக்கு இது தாராளம்.

கூடத்திலிருந்து மாடி அறைக்கு: 11. ராத்திரி 5. பிங் 180 வரை எகிறியது, 300-ல் ஒன்பது தொலைந்தது. வைஃபை கொடுத்த 4-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

செலக்டரைத் திருகி மாடியையும் கூடத்து ஃபேஸுக்கே கொண்டுவந்து அளந்தேன். 27 ஆனது. ஃபேஸ்தான் பாதிக் காரணம் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. மீதிப் பாதி இன்வெர்ட்டர். ஆனால் அப்படியே விட முடியாது. கூடத்து ஏசியும் அடுப்படி ஃபிரிட்ஜும் ஏற்கெனவே அந்த ஃபேஸில் இருக்கின்றன, மாடி ஏசியும் அதில் ஏறினால் சுமை முழுக்க ஒரே கம்பியில் விழும். இணையத்துக்காக ஃபேஸ் சுமையைச் சாய்ப்பது தப்பு. உடனே பழைய இடத்துக்கே திருகி வைத்தேன்.

எப்போது எதை எடுப்பது

இரண்டு பாயின்ட்டும் ஒரே ஃபேஸ், ஒரே லைன், அளந்தால் நாள் முழுக்க உங்களுக்குத் தேவையான வேகத்தைவிட இரண்டு மடங்காவது வருகிறது, பிங் எகிறவில்லை என்றால் பவர்லைன் வாங்குங்கள், நிம்மதியாக இருங்கள். வாடகை வீட்டுக்கும் அதுதான். வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடாத இடத்தில் சுவரைத் துளைப்பதைப் பற்றிப் பேசவே முடியாது.

ஒரே வளாகத்தில் பல குடித்தனம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சப் மீட்டர் வைத்துப் பிரித்திருந்தாலும் கம்பி ஒன்றுதான், சிக்னல் பக்கத்துக் குடித்தனத்துக்கும் போகும். அடாப்டரைச் செருகியதும் இரண்டிலும் உள்ள இணைப்புப் பொத்தானை இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து அழுத்துங்கள். அப்போது உங்கள் ஜோடிக்கு மட்டும் ஒரு ரகசியச் சாவி உருவாகும். அழுத்தாமல் விட்டால், சில மாடல்களில் எல்லாருக்கும் பொதுவான தொழிற்சாலைச் சாவியே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று வாங்கிச் செருகினால் உங்கள் வலைக்குள் வந்துவிடுவார். இரண்டு குடித்தனமும் தனித்தனி ஜோடி போட்டால் சாவி வேறானாலும் கம்பி ஒன்றே, வேகத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபேஸ் வேறு, நடுவில் இன்வெர்ட்டர், வேலைக்கு இணையம், சொந்த வீடு: இந்த நான்கில் முதல் இரண்டில் ஒன்றும், கடைசி இரண்டும் இருந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். விலை உயர்ந்த அடாப்டர் வாங்கி அதே கம்பியில் போட்டுப் பார்க்க வேண்டாம். மோசமான கம்பியில் 2000 போட்ட மாடல் கொடுப்பதற்கும் 600 போட்டது கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நல்ல ஜோடி ஒன்றின் விலைக்கு ஐம்பது மீட்டர் கேபிளும் ஆள் கூலியும் ஏறக்குறைய வந்துவிடும்.

கேபிளுக்கு முன் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஃபைபர் பெட்டி ஏன் தெருப்பக்கக் கூடத்தில்தான் இருக்க வேண்டும்? இணைப்பு கொடுக்க வந்தவர் வாசலுக்குப் பக்கத்தில் வசதியாக வைத்துவிட்டுப் போயிருப்பார். கம்பெனியில் சொல்லி அந்த ஃபைபரை இன்னும் நாற்பது அடி உள்ளே, முற்றத்து ஓரத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் பாதி வீட்டின் பிரச்சினை தீர்ந்துவிடும். முற்றம் திறந்த வெளி, அங்கே வைஃபைக்குச் சுவர் இல்லை. புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள். பெரியம்மா வீட்டில் இதையும் கேட்டோம், வந்தவர் சம்மதிக்கவில்லை.

கேபிள் இழுப்பது

கேட் 6 கேபிள், முழுச் செம்பு. கடையில் இதை அழுத்திக் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் அதே நிறத்தில், பாதி விலையில் கிடைக்கும். ஒரு கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதுதான் அலுமினியம். கிரிம்ப் செய்த இடத்தில் சீக்கிரம் ஒடியும், கடற்காற்றில் இன்னும் சீக்கிரம். வெளிச்சுவரில் போக வேண்டுமானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். உள்ளுக்குப் போடும் சாம்பல் நிறக் கேபிளை மெட்ராஸ் வெயில் வெடிக்க வைத்துவிடும். நீளம் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் வீட்டுக்குள் அதைப் பற்றிக் கவலை இல்லை.

வழியை முடிவு செய்யும்போது எத்தனை சுவரைத் துளைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெரியம்மா வீட்டில் கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஒரு துளை, முற்றத்துக் கூரையோரமாகவே சுற்றிப் போய் மேலே ஏறி, மாடி அறைக்கு ஒரு துளை. 28 மீட்டர், இரண்டே துளை. முற்றம் உள்ள வீட்டில் இது பெரிய வசதி.

சுண்ணாம்புச் சுவரைத் துளைப்பது சிமென்ட் சுவர் மாதிரி இல்லை. வந்த எலக்ட்ரீஷியன் எடுத்ததும் ஹேமரைப் போட்டார். கையளவு காரை பெயர்ந்து விழுந்தது. "அண்ணே, இது பழைய சுவரு, சும்மா சுத்துனாலே போயிடும்" என்று சொல்லி, ஹேமரை அணைத்துவிட்டு வெறுமனே சுற்ற விட்டார். அப்படித்தான் செய்ய வேண்டும்: செங்கல்லை விட்டு இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் காரை வரியில், ஹேமர் இல்லாமல், மெதுவாக. ஒன்றரை அடிச் சுவருக்கு இரண்டடி பிட் வேண்டும், வரும்போதே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். உத்தரம் சுவரில் உட்காரும் இடத்துக்குக் கீழே ஓரடியாவது தள்ளித் துளையுங்கள். உள்ளேயிருந்து வெளியே பார்த்துத் துளை கொஞ்சம் கீழே சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வரும். துளைக்குள் ஒரு பிவிசி குழாயைச் செருகி அதன் வழியே கேபிளை விடுங்கள். வெளியே துளைக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு சின்ன வளைவாகக் கீழே தொங்கட்டும். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்கம்பி போகும் குழாயிலேயே நெட்வொர்க் கேபிளையும் விடுகிறேன் என்று ஆள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உறை எங்காவது தேய்ந்தால் 230 வோல்ட் நேராக லேப்டாப்புக்கு வரும். மின்கம்பிக்கு இணையாகப் போனால் அரையடி தள்ளியும், குறுக்கே கடந்தால் நேர் செங்குத்தாகவும் போக வேண்டும். பின்கட்டு தனிக் கட்டடமாக இருந்து, கேபிள் வானத்தின் கீழ் தாண்ட வேண்டியிருந்தால் அங்கே செம்பு வேண்டாம். இடி மின்னலில் இரண்டு பக்கத்துப் பெட்டியும் போகும். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் வையுங்கள்.

இரு முனையிலும் சுவர் ஜாக் போட்டு முடிப்பது நல்லது. இரண்டு பக்கமும் ஒரே வண்ண வரிசை இருக்க வேண்டும். ஜாக்கிலேயே வண்ணம் அச்சிட்டிருக்கும், B என்று போட்ட வரிசையை இரண்டு பக்கமும் பின்பற்றுங்கள். முடித்ததும் லேப்டாப்பைச் செருகி இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு முதலில் `100 Mbps` காட்டியது. எட்டுக் கம்பியில் நான்கு சரியாக ஒட்டினாலே 100 வந்துவிடும், `1000 Mbps` வர எட்டும் ஒட்ட வேண்டும். மாடி ஜாக்கில் பழுப்புக் கம்பி சரியாக இறங்கவில்லை. மறுபடி அழுத்தியதும் 1000 ஆனது. ஆளை அனுப்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் `iperf3` போட்டேன்: 940. பிங் 1-க்கும் கீழே. ராத்திரி எட்டு மணிக்கும் அதுவே.

மாடியில் ஒரு பழைய ரவுட்டரை வைஃபைக்காக வைத்தோம். அதில் மற்ற சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் `DHCP`-ஐ அணைத்து, முகவரியை `192.168.1.2` என்று மாற்றி, கேபிளை அதன் `LAN` போர்ட்டில் செருகினோம். `WAN` போர்ட்டில் செருகினால் மாடி தனி வலையாகிவிடும், கீழே இருக்கும் பிரிண்டர் மேலே தெரியாது.

நண்பரின் ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே மாதிரி ஒன்று வாங்கி, கூடத்திலிருந்து அடுப்படிக்கு மட்டும் போட்டோம், பெரியம்மாவின் டிவிக்காக. அங்கே அது எட்டு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. மிக்சி ஓடும் நேரத்தில்கூடச் சீரியல் நிற்பதில்லை. ஒரே ஒரு நாள் நின்றது. போய்ப் பார்த்தால் கூடத்து செலக்டர் வேறு ஃபேஸில் இருந்தது. இப்போது அந்தக் குமிழுக்குக் கீழே பெரியம்மாவே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "திருப்பினால் திரும்பவும் பழைய இடத்தில் வைக்கவும். டிவி."